நேற்று அக்காவுக்குப் பிறந்தநாள்

"அக்கா ஸாரி, ஆபீஸ்ல ஒரே வேலை. பிலேட்டட் ஹேப்பி பர்த்டே!" கூடவே ஒரு கேக் படம், இரண்டு சிவப்பு இதயம். மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு தம்பி இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து பதில் வருகிறது: "பரவால்ல. தேங்க்ஸ்."

தம்பி நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவான். ஆனால் அந்தப் பதிலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வழக்கமாக "டா" போடாமல் அவனுக்கு ஒரு வரி எழுதாதவள் அவள். சாப்பிட்டியா, இருமல் சரியாப்போச்சா என்று ஏதாவது ஒன்று கேட்காமல் முடிக்கவும் மாட்டாள். இன்று இரண்டும் இல்லை. முந்தின நாள் எடுத்த ஒரு புகைப்படம்கூட அவனுக்கு வரவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சண்டை போடுகிற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை என்று அவளே நினைப்பாள். அதனாலேயே அது உள்ளே தங்கிவிடும்.

கூடப் பிறந்தவர்களின் பிறந்தநாளை மறப்பது சின்னப் பிழைதான். அதற்குக் கேட்கிற மன்னிப்பும் சின்னதாக, இலேசாக இருப்பதுதான் பொருத்தம். ஆனால் இலேசாக இருப்பது வேறு, ஏனோதானோவென்று இருப்பது வேறு. மேலே உள்ள செய்தி எங்கே தவறுகிறது, அதையே எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு குடும்பத்தை வைத்தே பார்ப்போம். தம்பிக்கு முப்பத்து நான்கு வயது, பெங்களூரில் வேலை. அக்கா ஐந்து வயது மூத்தவள், தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். அம்மா கும்பகோணத்தில். "நேத்து அக்காவுக்குப் பொறந்தநாள்டா, பேசினியா?" என்று காலையில் அம்மா கேட்ட பிறகுதான் தம்பிக்கே நினைவு வந்தது.

முதலில் அக்காவின் பக்கம். மறக்கப்பட்டவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தனியாக எடுத்து ஆராய்ந்தவர் உளவியலாளர் டெவின் ரே. அவரும் உடன் பணியாற்றியவர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: ஒருவர் நம்மைப் பற்றிய ஒன்றை மறந்துவிட்டால், அவருக்கு நாம் எவ்வளவு முக்கியம் என்பதற்கான அடையாளமாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறோம். மறந்தவருக்காக நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். பாவம், அவருக்கு எத்தனையோ வேலை என்கிறோம். அப்படிச் சொல்லிக்கொண்ட பிறகும் நெருக்கம் ஒரு படி குறையத்தான் செய்கிறது.

தஞ்சாவூர் வீட்டில் இது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டிருப்பார்: "உன் தம்பி பேசினானா?" அவள் உடனே, "அவனுக்கு ஏதோ ரிலீஸ் வேலைன்னு சொன்னான், ராத்திரி பண்ணுவான்" என்று சொல்லியிருப்பாள். அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவனுக்காக அவளே கட்டிக்கொடுத்த காரணம் அது. கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருகிற ஒரு ஃபோன், அவளுக்கு மட்டும் வருகிற ஃபோன் இல்லை. புகுந்த வீட்டில் நாலு பேர் காதில் அது விழ வேண்டும். "தம்பி பேசினான்" என்று அவள் சொல்லிக்கொள்ள வேண்டும். தீபாவளிச் சீருக்கும் பொங்கல் வரிசைக்கும் இருக்கிற கௌரவத்தில் ஒரு துளி இந்த ஃபோனுக்கும் உண்டு. அது வராத நாளில் தம்பியை விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டிய பாரமும் அவள் தலையில்தான் விழுகிறது. இதை மறந்தவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது தம்பியின் பக்கம். அவன் அக்காமேல் பிரியம் இல்லாதவன் இல்லை. பிறந்த தேதியைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். தெரிந்திருந்தும் எப்படி மறந்தது?

நினைவில் இரண்டு வகை வேலைகள் இருக்கின்றன. நடந்துபோனதை, படித்ததை நினைவில் வைத்திருப்பது ஒன்று. இனிமேல் செய்ய வேண்டியதை, அது செய்ய வேண்டிய நேரத்தில் நினைத்துக்கொள்வது இன்னொன்று. முதலாவது நன்றாக இருப்பவர்களுக்கும் இரண்டாவது காலை வாரும். இந்த இரண்டாவது வகையை விரிவாக ஆராய்ந்த கில்ஸ் ஐன்ஸ்டைனும் மார்க் மெக்டேனியலும் அதற்குள்ளேயே ஒரு பிரிவைக் காட்டினார்கள். கண்ணெதிரே ஒன்று தென்பட்டு அதனால் நினைவு வருவது ஒரு விதம். எதுவும் தென்படாமல், நேரத்தை வைத்து நாமாகவே நினைத்துக்கொள்வது இன்னொரு விதம். மருந்துக்கடையைப் பார்த்ததும் அப்பாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று தோன்றுவது முதல் விதம். நாலு மணிக்கு ஒருவருக்கு ஃபோன் பண்ண வேண்டும் என்பதை நாலு மணிக்கே நினைப்பது இரண்டாவது. பொதுவாக இரண்டாவதுதான் கடினம்.

ஒரே வீட்டில் வளர்ந்த காலத்தில் அக்காவின் பிறந்தநாள் தம்பிக்கு முதல் விதமாகவே வந்தது. காலையில் எழும்போதே நெய்யில் முந்திரி வறுபடுகிற வாசனை வரும். அக்கா தலைக்குக் குளித்துப் புதுப் பாவாடையில் மஞ்சள் தடவிக் கட்டியிருப்பாள். கோயிலில் அவள் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை நடக்கும். இத்தனையும் அவனுக்காக நினைவு வைத்திருந்தது அம்மா. அவன் எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. வீடு பிரிந்து, அவன் பெங்களூருக்கும் அவள் தஞ்சாவூருக்கும் போனபோது வாசனையும் பாவாடையும் கோயிலும் சேர்ந்து போய்விட்டன. அவனிடம் மிஞ்சியது ஒரு தேதி மட்டும். வேலையிடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் இன்னொரு செவ்வாய்க்கிழமைக்கும் வித்தியாசம் தெரியாத இடத்தில் அந்தத் தேதி சத்தமில்லாமல் கடந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. செலின் கெசெபிர், ஷிகெஹிரோ ஒயிஷி என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் ஒரு வேடிக்கையான உண்மையைப் பதிவு செய்தார்கள். நமக்கு நினைவில் இருக்கும் நண்பர்களின் பிறந்தநாள்கள் பெரும்பாலும் நம் சொந்தப் பிறந்தநாளுக்கு அருகில் இருப்பவை. மனம் தன்னை ஒட்டியிருப்பதைத்தான் சுலபமாகப் பிடித்துவைக்கிறது. தை மாதத்தில் பிறந்த தம்பிக்கு ஆவணியில் பிறந்த அக்காவின் நாள், இந்தக் கணக்கில், எட்டாத தூரத்தில் இருக்கிறது.

ஆக, பிரியத்துக்கும் இந்த மறதிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தம்பிக்கு இது தெரியும். அக்காவுக்கும் அறிவளவில் தெரியும். ஆனாலும் அவள் மனதில் எழுகிற கேள்வி, "ஏன் மறந்தாய்?" என்பது இல்லை. "நான் உன் நினைப்பில் இருக்கிறேனா?" என்பதுதான். "ஆபீஸ்ல ஒரே வேலை" என்பது அவள் கேட்காத முதல் கேள்விக்கான பதில். அதுவும், அந்தப் பதிலை நேற்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் அவள் சொல்லி முடித்துவிட்டாள். தான் சொன்ன சாக்கையே தம்பி வாயிலிருந்து திரும்பக் கேட்பதில் அவளுக்கு என்ன ஆறுதல் இருக்கும்?

மன்னிப்பில் எந்தப் பகுதி உண்மையில் வேலை செய்கிறது என்பதைப் பற்றி ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் சகாக்களும் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மன்னிப்பை அவர்கள் ஆறு பகுதிகளாகப் பிரித்தார்கள்: வருத்தம் தெரிவிப்பது, காரணம் விளக்குவது, தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்வது, இனி அப்படி நடக்காது என்பது, ஈடு செய்ய முன்வருவது, மன்னித்துவிடு என்று கேட்பது. எழுநூறு பேருக்கு மேல் கலந்துகொண்ட இரண்டு சோதனைகளில் மிக முக்கியம் என்று தேறியது, தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்வது. அடுத்தது ஈடு செய்வது. கடைசியில் நின்றது, மன்னித்துவிடு என்ற வேண்டுகோள். அந்தச் சோதனையில் வந்தது வேலைக்கு விண்ணப்பித்த ஒரு கணக்காளரின் தவறு, அண்ணன் தங்கை விவகாரம் இல்லை. அதனால் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் முதலிடமும் கடைசி இடமும் வீட்டுக்கும் நன்றாகவே பொருந்துகின்றன என்பது என் எண்ணம்.

கடைசி இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் "மன்னிச்சிடு, மன்னிச்சிட்டேன்னு சொல்லு" என்று நச்சரித்தால் அவளால் என்ன சொல்ல முடியும்? "பரவால்லடா" என்றுதான் சொல்ல முடியும். பிழை செய்தவன் தன் மனம் ஆற வேண்டும் என்பதற்காகப் பிழைக்கு ஆளானவளிடம் ஒரு வேலை வாங்குகிறான். அழுது புரண்டு கேட்கிற மன்னிப்பிலும் இதேதான் நடக்கும். "நான்லாம் ஒரு தம்பியா, என்னை மாதிரி ஒருத்தன் உண்டா" என்று அவன் ஆரம்பித்தால், ஐந்து நிமிஷத்தில் அவள் அவனைத் தேற்றிக்கொண்டிருப்பாள். பிறந்தநாள் அவளுடையது, ஆறுதல் அவனுக்கு. சின்னப் பிழைக்கு இலேசான மன்னிப்பு வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கனமான மன்னிப்பு கேட்பவனைத்தான் நடுவில் உட்கார வைக்கிறது.

இனி, தம்பி அந்தச் செய்தியை அனுப்பாமல் மாலை வரை காத்திருந்து ஃபோன் செய்தான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விட்டு வந்து, காபி குடித்து, பிள்ளைகள் டியூஷனுக்குப் போன ஆறு மணி. அவள் கொஞ்சம் தனியாக இருக்கிற நேரம் அது என்பது அவனுக்குத் தெரியும்.

"அக்கா, நேத்து உன் பொறந்தநாளை மறந்துட்டேன். இன்னிக்குக் காலையில அம்மா கேட்டுத்தான் எனக்கே உறைச்சுது. தப்பு என்மேலதான், சாக்கு ஒண்ணும் சொல்லல. நீ ராத்திரி வரைக்கும் ஃபோனைப் பாத்துட்டு இருந்திருப்ப."

"பாத்தேன்தான். உங்க மாமாகூடக் கேட்டாரு. வேலையா இருப்பான்னு சொன்னேன்."

"எனக்காக நீ வேற பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"ஆமா. கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருந்தது."

"இருக்கும்க்கா."

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். இந்த ஐந்து வரிகளில் நடந்தது என்ன? பிழை இன்னது என்று அவன் சுற்றி வளைக்காமல் சொன்னான். அதைவிட முக்கியம், அந்தப் பிழையால் அவளுக்கு நேர்ந்தது என்ன என்பதை அவனே சொன்னான். ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த ராத்திரியை அவன் எடுத்துச் சொன்னதால்தான் அவள் வீட்டுக்காரர் கேட்டதைச் சொன்னாள். கடைசியில் "இருக்கும்க்கா" என்றவன் அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை. "இருந்தாலும் நீ தப்பா நினைக்கக் கூடாது" என்று ஒரு வால் சேர்த்திருந்தால் அவள் பேசியது வீணாகியிருக்கும்.

சிந்தியா ஃபிரான்ட்ஸ், கோர்ட்னி பெனிக்சன் என்ற இருவரின் 2005ஆம் ஆண்டு ஆய்வு இந்த இடத்துக்குப் பொருந்தும். மன்னிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தால் கூடுதலாகப் பலித்தது என்று அவர்கள் கண்டார்கள். காரணம், பாதிக்கப்பட்டவர் தன் மனதில் இருந்ததைச் சொல்லவும், அது புரிந்துகொள்ளப்பட்டது என்று உணரவும் அந்த இடைவெளி இடம் கொடுத்தது. பிறந்தநாள் விஷயத்தில் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாள் ஏற ஏற இரண்டாவது மறதியும் சேர்ந்துகொள்ளும். நினைவு வந்த அன்றே பேச வேண்டும். ஆனால் பேசும்போது அவள் சொல்ல நினைப்பதைச் சொல்ல ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். காலை அவசரத்தில், முதல் பீரியடுக்கு முன்னால் வந்து விழுகிற செய்தியில் அந்த வாய்ப்பு கிடையாது.

பேச்சு தொடர்கிறது.

"அம்மா சொன்னதும் முதல்ல என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? ஸ்கூல்ல கிளாஸ் பூரா மிட்டாய் குடுத்துட்டு, எனக்குன்னு ஜாமெட்ரி பாக்ஸ்ல தனியா எடுத்துட்டு வருவ. ஆரஞ்சு மிட்டாய். காம்பஸ் குத்தி அதுல ஓட்டை வேற இருக்கும்."

"அது இன்னும் ஞாபகம் இருக்கா உனக்கு!"

"உன் பொறந்தநாள்னாலே எனக்கு அதான். அது ஞாபகம் இருக்கு, தேதி வந்தது மட்டும் தெரியல. இனிமே ரெண்டு வருஷம் என் பொறந்தநாளை நீ மறந்துக்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

"ரெண்டு வருஷம் போதாதுடா."

"டா" திரும்பி வந்துவிட்டது.

இந்தப் பகுதியில்தான் அவள் கேட்காத கேள்விக்குப் பதில் இருக்கிறது. "நீ எப்பவும் என் நினைப்புல இருக்க" என்று அவன் சொல்லியிருந்தால் அது வெறும் வாய்வார்த்தை. யாரும் யாரிடமும் சொல்லக்கூடியது. காம்பஸ் முனை குத்திய ஆரஞ்சு மிட்டாயை வேறு யாராலும் சொல்ல முடியாது. நினைப்பில் இருக்கிறாள் என்பதை அவன் சொல்லவில்லை, காட்டிவிட்டான். மறதிக்குக் கேட்கிற மன்னிப்பில் மறக்காமல் இருக்கிற ஒன்றை எடுத்து வைப்பது போல வேறு எதுவும் பலிப்பதில்லை. அது பெரிய சம்பவமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பொருள், ஒரு பழக்கம், அவள் வாயில் வந்த ஒரு சொல் போதும். ஆனால் உண்மையாக இருக்க வேண்டும், அவளைப் பற்றியதாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவர்களிடம் இதற்குப் பஞ்சமே இல்லை. நண்பனிடமோ மனைவியிடமோ இல்லாத பதினைந்து இருபது வருஷத்துச் சரக்கு அவர்களுக்குள் கிடக்கிறது.

விளையாட்டுப் பேச்சு வந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு, அவள் பேசிய பிறகு, நினைவைச் சொன்ன பிறகுதான் வந்தது. விளையாட்டின் பொருளாக அவன் தன்னைத்தான் வைத்தான். இதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற ஒரு வரி உண்டு: "நாப்பதை நெருங்கிட்ட, இன்னும் என்ன பொறந்தநாள் வேண்டியிருக்கு?" தம்பிகளுக்கு இது சிரிப்பாகத் தோன்றும். அக்காவுக்கு இரண்டு விதத்தில் குத்தும். வயதைச் சொல்வது ஒன்று. எதிர்பார்த்ததே சின்னப்பிள்ளைத்தனம் என்று ஆக்கிவிடுவது இன்னொன்று. அதற்குமேல் அவளால் வருத்தத்தைக் காட்டவும் முடியாது. காட்டினால், "சும்மா கிண்டலுக்குச் சொன்னா இப்படி எடுத்துக்கிற" என்று வரும். மறந்ததும் அவன், கோபித்துக்கொள்ளத் தெரியாதவள் என்ற பெயர் அவளுக்கு.

பேசுகிற இடம் என்று ஒன்று உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்கிற மன்னிப்பு நல்லதில்லை. அங்கே சித்தி, பெரியம்மா, மாமா பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். "பாவம், சின்னப் பையன் விடு" என்று ஒருவர், "நாங்க எல்லாம் கரெக்டா பன்னெண்டு மணிக்கே சொல்லிட்டோமே" என்று ஒருவர். எல்லோர் முன்னாலும் பெருந்தன்மையாக நடந்துகொள்வதைத் தவிர அக்காவுக்கு வேறு வழி இருக்காது. மன்னிப்பைத் தனியாகச் சொல்லிவிட்டு, அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தையை வேண்டுமானால் குழுவில் போடலாம். மன்னிப்பு இரண்டு பேருக்குள், வாழ்த்து எல்லோர் முன்னிலையில்.

ஈடு செய்வது என்ற இரண்டாவது பகுதிக்கு வருவோம். இதில் தமிழ் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. தேதிப் பிறந்தநாள் போனால் என்ன, நட்சத்திரப் பிறந்தநாள் இன்னும் வராமல் இருக்கலாம். பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வருகிற நாள்தான் அது. சந்திரன் நட்சத்திரங்களைச் சுற்றி வர இருபத்தேழு நாளும் சில மணி நேரமும் ஆகிறது. பதின்மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ 355 நாள். அதனால் வருஷத்துக்கு வருஷம் நட்சத்திரப் பிறந்தநாள் பத்து நாள் போல முன்னால் நகரும், மாதத்தைத் தாண்டிவிடும் என்றால் அடுத்த சுற்றுக்குத் தாவும். ஆங்கிலத் தேதிக்கு முன்னும் பின்னுமாக அது அலைவது இதனால்தான். ஒரே தமிழ் மாதத்தில் முதலிலும் கடைசியிலுமாக ஒரு நட்சத்திரம் இரண்டு முறை வருவதும் உண்டு. எதை எடுப்பது என்பதை அவரவர் வீட்டு வழக்கப்படி அம்மாவிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

நம் தம்பி தினசரி காலண்டரைப் பார்க்கிறான். அக்காவுக்கு ஆவணி அனுஷம். ஒன்பது நாள் கழித்து வருகிறது. "உன் நட்சத்திரத்துக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் பேசறேன், எல்லாரும் வீட்ல இருங்க" என்று ஃபோனிலேயே சொல்லிவிடுகிறான். அவளுக்குப் பிடித்த மாதிரி ஒரு காட்டன் புடவையை முன்னதாகவே அனுப்பிவிடுகிறான். ஏழு மணிக்கு வீடியோவில் பேசும்போது வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் பக்கத்தில். "மாமா, போன வாரம் அக்கா பொறந்தநாளை மறந்துட்டேன், அவகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்று அவனே அவர்களிடம் சொல்கிறான். அவள் அன்றைக்குச் சொல்ல வேண்டியிருந்த சாக்கை அவள் தலையிலிருந்து இறக்கி வைத்தது அந்த ஒரு வரிதான். புடவையைவிட அது பெரிது என்பேன்.

இந்த வசதியைத் தவறாகவும் பயன்படுத்துவார்கள். "நான் நட்சத்திரத்துக்குத்தான் வாழ்த்தலாம்னு இருந்தேன்" என்பது நாக்கு நுனியில் வந்து நிற்கும். சொல்லிவிடக் கூடாது. முந்தைய வருஷங்களில் அவன் எந்த நாளில் வாழ்த்தினான் என்பது அவளுக்குத் தெரியும். மறதியை மன்னிப்பவர்களும் பொய்யை அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள்.

பரிசின் அளவும் பார்க்க வேண்டியது. மறந்துபோன பிறந்தநாளுக்கு வழக்கமான பிறந்தநாளைவிடப் பத்து மடங்கு விலையில் ஒன்றை வாங்கி அனுப்பினால், பிழைக்கு விலை கட்டியது போல ஆகிவிடும். இது அண்ணன்களிடம் அதிகம். தங்கையிடம் தவறு என்று வாய் திறந்து சொல்ல வராது. மூத்தவன் என்ற இடம் தடுக்கும். அதனால் இரண்டாயிரத்து ஒரு ரூபாய் ஜிபேயில் வந்து விழும், ஒரு வார்த்தை இருக்காது. தங்கைக்கு அந்த மொழி புரியும், அண்ணன் இறங்கி வந்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்வாள். ஆனாலும் அந்தப் பணத்தோடு "மறந்துட்டேம்மா, தப்புதான்" என்று நாலு சொல் வந்தால் அவள் அதை எத்தனை நாள் வைத்துக் கொண்டாடுவாள் என்பது அண்ணன்களுக்குத் தெரிவதில்லை. மூத்தவர் இளையவரிடம் தவறை ஒப்புக்கொள்வதால் மரியாதை குறைந்ததாக எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. இன்னொரு பழக்கம், அண்ணனின் ஃபோனிலிருந்து அண்ணி செய்தி அனுப்புவது. அண்ணி நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் அண்ணன் எப்படி எழுதுவான், எங்கே புள்ளி வைப்பான் என்பது தங்கைக்கு அத்துப்படி. முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

இவ்வளவும் செய்தும் பதில் சூடு பிடிக்கவில்லை என்றால், விஷயம் பிறந்தநாளோடு நிற்கவில்லை என்று அர்த்தம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார் வந்து பார்த்தது, வீட்டை விற்றபோது யாரைக் கேட்டது என்று பழையது ஏதாவது அடியில் இருக்கும். "உனக்கு எப்பவுமே இப்படித்தான்" என்ற வாக்கியம் வந்தால் அதுதான் அடையாளம். "நேத்து" என்று பேசிக்கொண்டிருந்தவள் "எப்பவுமே" என்று மாறிவிட்டாள். அந்த இடத்தில் மிட்டாய்க் கதையும் விளையாட்டுப் பேச்சும் உதவாது, எரிச்சலைத்தான் கூட்டும். அதற்கு நேரில் போய் உட்கார்ந்து, எது என்று கேட்டு, முழுவதையும் கேட்க வேண்டும். இலேசான மன்னிப்பு, இலேசான பிழைக்கு மட்டும்தான். போன வருஷமும் மறந்திருந்தால் இந்த வருஷமும் அதே மன்னிப்பு செல்லாது. அப்போது அவளுக்கு வேண்டியது வார்த்தை இல்லை, அடுத்த வருஷம் வருகிற ஃபோன்.

அந்த ஃபோனுக்கு ஏற்பாடு இன்றைக்கே செய்துவிடலாம். "இனி மறக்க மாட்டேன்" என்ற உறுதிமொழி தானாக எதையும் செய்யாது. இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் நினைத்த காரியம் நடக்கிற வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல சோதனைகளில் காட்டியவர் பீட்டர் கோல்விட்சர். தம்பிக்கு அது இப்படி அமையும். ஃபோன் காலண்டரில் அக்கா பிறந்தநாளை வருஷா வருஷம் வருகிற மாதிரி போட்டு, இரண்டு நினைவூட்டல் வைக்க வேண்டும். ஒன்று, ஒரு வாரம் முன்னால். புடவை வாங்க, அனுப்ப அது நேரம் தரும். இன்னொன்று, அன்றைக்குக் காலை அவள் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் அவன் பேசக்கூடிய நேரத்தில், அவன் மெட்ரோவில் ஏறுகிற ஏழே காலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு வைத்தால் தூக்கத்தில் தள்ளிவிட்டுவிடுவான், காலையில் அது கண்ணில் படாது. நினைவூட்டலில் "அக்கா பர்த்டே" என்று எழுதுவதைவிட "மெட்ரோல ஏறினதும் அக்காவுக்கு ஃபோன்" என்று எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடும். ஜனவரியில் புதுத் தினசரி காலண்டர் வந்ததும் ஆவணி மாதத் தாள்களைத் தள்ளிப் பார்த்து, அனுஷம் வருகிற தாளின் மூலையில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைக்க அம்மாவிடம் சொல்லலாம். கும்பகோணத்து வீட்டில் அந்தத் தாளைக் கிழிக்கிற காலையில் அம்மா இரண்டு பேருக்கும் ஃபோன் செய்வாள்.